எண்ணெயே ஊத்தாத வீட்ல கொழுப்பு எப்படி ஏறுச்சு?

1/
மூணு மாசத்துக்கு முன்னாடி ஓபியில ஒரு அம்மா வந்தாங்க. வயசு 52. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. கூட அவங்க பொண்ணு. உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருந்து ரெண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில வெச்சாங்க.

"ஏனுங்க டாக்டரம்மா, எண்ணெயே ஊத்தாமத்தான் சமைக்கறனுங்க. கறி எடுத்தே ரெண்டு மாசம் ஆச்சு. அப்புறம் எப்படிங்க கொழுப்பு ஏறும்? லேப்ல ஏதோ மாத்திக் குடுத்துட்டாங்களா?"

இதே கேள்வியை இதே வயசுல இருக்கிற நிறைய பேர் கேட்கறாங்க. அதனால அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியற விவரங்களை மாத்தி, இதை ஒரு இழையாவே எழுதறேன்.

2/
முதல் ரிப்போர்ட் அவங்களோட 46 வயசுல ஒரு மருத்துவ முகாம்ல எடுத்தது. மொத்த கொலஸ்டிரால் 186. அதுல கெட்ட கொழுப்புன்னு நாம சொல்ற எல்டிஎல் 112. அன்னைக்கு ரத்த அழுத்தம் 118/76.

ரெண்டாவது ரிப்போர்ட் இப்ப எடுத்தது. மொத்தம் 228. எல்டிஎல் 146. டிரைகிளிசரைடு 120-ல இருந்து 170.

எடை? 61 கிலோவா இருந்தது 63. ரெண்டே கிலோதான் கூடியிருக்கு. சாப்பாடு முன்னைவிடக் குறைச்சல்தான். வேலையும் அதே நின்னுட்டே பார்க்கிற வேலைதான்.

நான் கேட்டேன்: "பீரியட்ஸ் எப்பம்மா நின்னுச்சு?"

"அது ஆச்சுங்க நாலு வருசம். 48-லயே நின்னுருச்சு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

3/
சம்பந்தம் இருக்கு.

நம்ம ரத்தத்துல இருக்கிற கொலஸ்டிராலோட பெரும்பகுதி தட்டுல இருந்து வர்றது இல்ல. உடம்பு, முக்கியமா கல்லீரல், தானே தயாரிக்கிறது. தயாரிக்கிறதும் கல்லீரல்தான், ரத்தத்துல மிஞ்சுற எல்டிஎல்லைத் திரும்ப உள்ளே இழுத்துக்கிறதும் பெரும்பாலும் கல்லீரல்தான். அப்படி இழுக்கிறதுக்காகக் கல்லீரல் செல்களோட மேல்பரப்புல 'ஏற்பிகள்'னு சில புரதங்கள் இருக்கு.

ஒரு தெருவை நினைச்சுக்கோங்க. தினமும் அஞ்சு குப்பை வண்டி வந்துட்டு இருந்துச்சு. ஒரு நாள்ல இருந்து மூணுதான் வருது. வீடுகள்ல இருந்து வர்ற குப்பை கூடவே இல்ல. ஆனாலும் தெருமுனையில குவியுது.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அந்த ஏற்பிகளோட எண்ணிக்கையைக் கூட்டி வெச்சிருந்தது. சினைப்பை ஓய்வெடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையுது, ஏற்பிகளும் குறையுது. சாப்பாடு மாறாமலே எல்டிஎல் ஏறுது.

4/
இது படிப்படியா வயசாகறதால மட்டும் வர்றது இல்லையான்னு கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவுல 'ஸ்வான்'னு ஒரு ஆய்வு. நடுவயதுப் பெண்களை வருஷக்கணக்கா, மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும், திரும்பத் திரும்பப் பரிசோதிச்சாங்க. அதுல தெளிவாத் தெரிஞ்ச விஷயம்: கடைசி மாதவிடாய்க்கு முந்தின ஒரு வருஷம், பிந்தின ஒரு வருஷம், அந்தக் குறுகின காலத்துலதான் எல்டிஎல் சட்டுனு ஒரு படி ஏறுது. வயசு மட்டும் காரணம்னா ஏற்றம் எல்லா வருஷமும் ஒரே சீரா இருந்திருக்கணும்.

5/
ஆனா ரத்த அழுத்தத்துக்கு இந்த அளவுக்கு நேர்க்கணக்கு கிடையாது. அதையும் சொல்லிடறேன்.

பிரஷர் ஏறுறதுல வயசு, எடை, உப்பு, பரம்பரை எல்லாம் கலந்திருக்கு. ஈஸ்ட்ரோஜனோட பங்கு என்னன்னா, ரத்தக்குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒரு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வா வெச்சிருக்கும். ஈஸ்ட்ரோஜன் அதுக்குத் துணை. அது குறைஞ்சா குழாய் கொஞ்சம் விறைப்பாகுது. அதோட, முன்னாடி சாப்பிட்ட அதே அளவு உப்புக்கு இப்ப பிரஷர் கூடுதலா ஏறுற தன்மையும் வருது.

அதனாலதான் இளவயசுல ஆண்களைவிடப் பெண்களுக்கு ரத்தக்கொதிப்பு குறைவா இருக்கும். அறுபதைத் தாண்டும்போது பெண்கள் அவங்களை எட்டிப் பிடிச்சிடறாங்க.

6/
மூணாவது மாற்றம் எடை மெஷின்ல தெரியாது. இந்த அம்மாவுக்கு ரெண்டு கிலோதான் கூடியிருக்குன்னு சொன்னேன் இல்லையா? இஞ்ச் டேப் எடுத்து இடுப்புச் சுற்றளவு பார்த்தேன். 88 சென்டிமீட்டர். நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்.

"அது சரிங்க, ஜாக்கெட்டெல்லாம் லூசாத்தான் இருக்குது, பாவாடை நாடாதான் பத்தறதில்ல"ன்னு சிரிச்சாங்க. அதேதான். தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேர்ந்துட்டு இருந்த கொழுப்பு இப்ப வயித்துக்குள்ள, குடலைச் சுத்தி, கல்லீரலைச் சுத்திச் சேருது. இந்த உள்வயித்துக் கொழுப்புதான் டிரைகிளிசரைடையும் சர்க்கரையையும் ஏத்திவிடும்.

7/
சரி, ஏறட்டுமே, உடனே என்ன ஆயிடப்போகுது?

உடனே ஒண்ணும் ஆகாது. அதுதான் பிரச்சனையே.

எல்டிஎல் கூடின ரத்தம், அழுத்தம் கூடின குழாய். ரெண்டும் சேர்ந்தா இதயத்தோட ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்புப் படியறது வேகமாகும். ஆனா வலிக்காது. மாரடைப்புங்கிற அளவுக்கு வர்றதுக்குப் பல வருஷம் ஆகும்.

52 நாடுகள்ல நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல வெளியாச்சு. அதுல முதல் மாரடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சராசரியா ஒன்பது வருஷம் தள்ளித்தான் வந்துச்சு. இதை வெச்சுத்தான் 'பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராது'ங்கிற நம்பிக்கை நம்ம வீடுகள்ல இருக்கு. வராதுன்னு இல்ல. தள்ளி வருது.

8/
இங்க அந்தப் பொண்ணு குறுக்க பேசுச்சு. "டாக்டர், அம்மா சொல்ல மாட்டாங்க. பெரியம்மா போன வருஷம் இறந்துட்டாங்க. அதான் நான் இழுத்துட்டு வந்தேன்."

பெரியம்மாவுக்கு வயசு 57. ஒரு வாரமாப் பாத்திரம் தேய்க்கும்போது, தண்ணிக் குடம் தூக்கும்போது மேல்நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. உட்கார்ந்தா சரியாகும். வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி, சோடா குடிச்சிருக்காங்க. கடைசி நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டி, தாடையில வலி, ரெண்டு தடவை வாந்தி. "விடியட்டும், காலையில போலாம்"னு சொன்னாங்களாம். விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

அதைச் சொல்லும்போது அம்மா மேஜையில இருந்த ரிப்போர்ட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. "அக்காவும் எண்ணெய் சேக்க மாட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

9/
பெரியம்மா கதையில ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல அறிகுறி.

பெண்களுக்கு மாரடைப்புல நெஞ்சு வலியே வராதுன்னு சிலர் எழுதறாங்க. அது தப்பு. பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சுலதான் ஏதோ பண்ணும். ஆனா அதை 'வலி'ன்னு சொல்ல மாட்டாங்க. இறுக்கம், அழுத்தம், பாரம், எரிச்சல்னு சொல்வாங்க. கூடவே மூச்சு வாங்கறது, தாடை, முதுகு, தோள்பட்டை வலி, குமட்டல், காரணமில்லாத களைப்பு எல்லாம் ஆண்களைவிட அதிகமா வரும். அதனாலதான் வாயுத் தொல்லைன்னு ஒதுக்கிடறாங்க.

பிரிச்சுப் பார்க்க ஒரு எளிய குறி: வேலை செஞ்சா வந்து, உட்கார்ந்தா போற இறுக்கம். வாயு அப்படிக் கணக்கா வந்து போகாது. இப்படி இருந்தா அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. உட்கார்ந்தும் போகல, வேர்க்குதுன்னா அப்பவே 108. விடியறவரை காத்திருக்க வேண்டாம்.

10/
ரெண்டாவது, பரம்பரைக் கணக்கு. கூடப் பிறந்தவங்க, அப்பா, அம்மா, இவங்கள்ல ஆணா இருந்தா 55 வயசுக்கு முன்னாடி, பெண்ணா இருந்தா 65 வயசுக்கு முன்னாடி மாரடைப்பு வந்திருந்தா, அது நம்ம கணக்குல ஏறும்.

57 வயசுல அக்கா. அப்ப 146-ங்கிற அதே எல்டிஎல் வேற ஒருத்தருக்குச் 'கொஞ்சம் கூட, நடங்க, பார்ப்போம்'. இந்த அம்மாவுக்கு அப்படி விட்டுட முடியாது. ரிப்போர்ட்ல இருக்கிற எண் மட்டும் ஆபத்தைச் சொல்லாது. அது யாரோட எண்ங்கிறதும் சேர்ந்துதான் சொல்லும்.

11/
இப்ப பிரஷர். உள்ளே வந்ததும் பார்த்தப்ப 156/96. ஆனா அவங்க முக்கால் மணி நேரம் வரிசையில நின்னுட்டு வந்தவங்க. அதை எழுதிட்டு மாத்திரை குடுத்தா அது தப்பு.

பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்ச்சு, கால் ரெண்டும் தரையில வெச்சு, கையை மேஜை மேல நெஞ்சு உயரத்துல வெச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார வெச்சோம். அப்புறம் 148/92. அப்பவும் கூடத்தான்.

உடனே முடிவு பண்ணல. அடுத்த ரெண்டு வாரத்துல வேற வேற நாள்ல மூணு தடவை, வீட்டுப் பக்கத்துலயே நர்ஸ்கிட்ட பார்த்து நோட்டுல எழுதிட்டு வரச் சொன்னேன். 146/90, 150/94, 144/90. இது பயத்துல ஏறின பிரஷர் இல்ல, நிஜம்.

12/
முழுப் பழியையும் மெனோபாஸ் மேல போட்டுட்டு நிம்மதியா இருக்கவும் கூடாது. இந்த வயசுல எல்டிஎல்லை ஏத்துற இன்னொரு ஆள் ஒளிஞ்சிருப்பார்: தைராய்டு குறைபாடு. களைப்பு, எடை கூடறது, உடம்பு வலி எல்லாம் ரெண்டுக்கும் பொது. தைராய்டைச் சரி பண்ணினாலே சிலருக்குக் கொலஸ்டிரால் தானா இறங்கும்.

அதனால டிஎஸ்எச், வெறும் வயித்துச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர்ல புரதம், ஒரு ஈசிஜி. தைராய்டு, கிட்னி நார்மல். சர்க்கரை 106, அதாவது எல்லைக்கோடு. ஈசிஜி நார்மல்.

"ஈசிஜி நார்மல்னா அடைப்பு இல்லைதானுங்க?" இல்லம்மா. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, அந்த நேரத்துல இதயத்தசைக்கு அடி விழுதா, முன்னாடி விழுந்திருக்கான்னுதான் காட்டும். குழாய்ல அமைதியா வளர்ற படிவத்தைக் காட்டாது.

13/
பொண்ணு ஒரு நல்ல கேள்வி கேட்டுச்சு. "ஹார்மோன் குறைஞ்சதாலதான் எல்லாம்னா, அந்த ஹார்மோனையே மாத்திரையாக் குடுத்தா என்ன டாக்டர்?"

மருத்துவ உலகமும் ரொம்ப நாள் இதையே நம்புச்சு. சரிபார்க்கத்தான் அமெரிக்காவுல 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்'னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. 2002-ல ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் குடுத்த பகுதியைப் பாதியிலயே நிறுத்தினாங்க. மாரடைப்பு குறையல. பக்கவாதம், ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய் கூடியிருந்துச்சு.

அதுல கலந்துகிட்ட பெண்களோட சராசரி வயசு 63. மெனோபாஸ் ஆகிப் பல வருஷம் கழிச்சு ஆரம்பிச்சாங்க. சீக்கிரமே ஆரம்பிக்கிறவங்களுக்கு ஆபத்து குறைவுன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. அதனால தாங்க முடியாத உடல் சூடு, ராத்திரி வேர்வை இருக்கிறவங்களுக்கு மகப்பேறு டாக்டர் பார்த்து ஹார்மோன் குடுப்பாங்க, அது சரிதான். இதயத்தைக் காப்பாத்த மட்டும்னு அதைக் குடுக்கறது இல்ல.

14/
அவங்களுக்கு என்ன குடுத்தேன்னு சொல்றேன். இது அவங்களுக்கான மருந்து, உங்களுக்கானது இல்ல. இதைப் பார்த்துக் கடையில வாங்கிப் போட்டுடாதீங்க.

பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். ரெண்டுமே அரசு மருத்துவமனையில இலவசமாக் கிடைக்கிற மாத்திரைகள்தான்.

என்ன தொந்தரவு வரலாம்னும் முன்னாடியே சொல்லிட்டேன். அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கலாம். ஸ்டாட்டின்ல சிலருக்குத் தசை வலி வரும், சர்க்கரை லேசா கூடலாம். வந்தா நீங்களா நிறுத்தாம இங்க வாங்க, மாத்தித் தர்றோம். சொல்லாம விட்டா, முதல் கால் வீக்கத்துலயே 'மாத்திரை கிட்னியைக் கெடுத்துருச்சு'ன்னு நிறுத்திடுவாங்க. நிறைய தடவை பார்த்துட்டேன்.

15/
சாப்பாடு. இங்கதான் அவங்களுக்கு ஆச்சரியம்.

எண்ணெயை நிறுத்தினவங்க மூணு வேளையும் என்ன சாப்பிட்டாங்க? காலையில அஞ்சு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறும் ரசமும் ஊறுகாயும், ராத்திரி மறுபடி சோறு. வேலைக்கு நடுவுல ரெண்டு தடவை டீயோட வர்க்கி. டிரைகிளிசரைடு 170 ஆனதுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் பதில் இந்தத் தட்டுல இருக்கு. பிரஷருக்குப் பதில் ஊறுகாய்லயும், அப்பளத்துலயும், வாரம் ரெண்டு தடவை வர்ற கருவாட்டுலயும் இருக்கு.

சோத்தைப் பாதியாக்கி அந்த இடத்துல பருப்பு, பயறு, காய், முட்டை, மீன். எண்ணெய் அளவா ஊத்திக்கலாம், ஆனா பொரிச்ச எண்ணெயைத் திரும்பச் சுட வைக்காதீங்க. வர்க்கி வேண்டாம். வேலை முடிஞ்சு பஸ்ல இருந்து ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்து போங்க.

சாப்பாட்டாலயும் நடையாலயும் டிரைகிளிசரைடு, இடுப்பு, பிரஷர் மூணும் நல்லாவே இறங்கும். எல்டிஎல் கொஞ்சம்தான் இறங்கும். காரணம் மேல சொன்ன குப்பை வண்டிதான். ஸ்டாட்டின் கல்லீரல்ல கொலஸ்டிரால் தயாரிப்பைக் குறைச்சு, ஏற்பிகளைத் திரும்பக் கூட்டுது. அதாவது நின்னுபோன வண்டியை மறுபடி ஓட்டுது.

16/
இங்க ஒரு கூட்டத்தைத் தனியாச் சொல்லணும். 'கர்ப்பப்பை எடுத்தாச்சு'ன்னு சொல்றவங்க.

சின்ன வயசுலயே கர்ப்பப்பை எடுத்தவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்திருந்தா, அன்னைக்கே மெனோபாஸ். 38 வயசுல நடந்திருந்தா அந்த ஒன்பது வருஷ அவகாசத்துல பெரும்பகுதி அப்பவே கரைய ஆரம்பிச்சிருச்சு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தா, சினைப்பை வேலை செஞ்சுட்டு இருக்கும். ஆனா மாதவிடாய் இல்லாததால அது எப்ப ஓய்ஞ்சுதுன்னு தெரியவே தெரியாது.

அந்த ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்க. என்னென்ன எடுத்தாங்கன்னு அதுல இருக்கும். இயற்கையாவே 45-க்கு முன்னாடி நின்னவங்களும், பிரசவத்தப்ப பிரஷர் ஏறினவங்களும் இதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். கர்ப்பகால பிரஷர் பிரசவத்தோட முடிஞ்சு போற விஷயம் இல்ல. பின்னாடி வர்ற இதய ஆபத்துக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

17/
போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாங்க. பிரஷர் 128/82. எல்டிஎல் 94. டிரைகிளிசரைடு 138. இடுப்பு 85.

"எல்லாம் நார்மல் ஆயிருச்சுங்களே, இனி மாத்திரை எதுக்குங்க?"

இந்தக் கேள்வியிலதான் பாதிப் பேரை இழக்கறோம். மாத்திரை போடறதாலதான் நார்மல். நிறுத்தினா சில வாரத்துல பழைய எண்ணுக்கே போயிடும், ஏன்னா ஈஸ்ட்ரோஜன் திரும்பி வரப்போறது இல்ல. நடையும் சாப்பாடும் நல்லாப் போச்சுன்னா பிரஷர் மாத்திரை அளவைக் குறைக்க முடியுமான்னு பின்னாடி பார்க்கலாம். அது நோட்டுல இருக்கிற பிரஷர் கணக்கைப் பார்த்து நாம சேர்ந்து எடுக்கிற முடிவு.

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எங்கக்கா ஒரு தடவ கூட டெஸ்ட் எடுக்கலீங்க"ன்னு சொன்னாங்க. மாத்திரைச் சீட்டை மடிச்சு அதே பிளாஸ்டிக் கவர்ல வெச்சுக்கிட்டாங்க.

18/
இதைப் படிக்கிற ஒவ்வொருத்தரும் உங்க அம்மா, அக்கா, பெரியம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பீரியட்ஸ் நின்னதுக்கு அப்புறம் எப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்க?

"நாப்பத்தஞ்சு வயசுல பார்த்தேன், நார்மல்னு சொன்னாங்க"ன்னு பதில் வந்தா, அந்த ரிப்போர்ட் காலாவதி. அது வேற ஒரு உடம்போட ரிப்போர்ட். ஒரு வருஷமா மாதவிடாய் வரலைன்னா, ஒரு லிப்பிட் ப்ரொஃபைல், சர்க்கரை, ஒழுங்கா உட்கார வெச்சுப் பார்த்த பிரஷர், இடுப்புச் சுற்றளவு. இந்த நாலும் புதுசா எழுதி வைங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சர்க்கரையும் அன்னைக்கே பார்த்துடலாம். அங்க லிப்பிட் டெஸ்ட் இல்லைன்னா அரசு மருத்துவமனைக்கு வாங்க.

கூட்டிட்டு வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும்.